ஒரு படம், ஒரு ஸ்கேல், ஒரு டிரம்: எத்தனை லிட்டர்?

அக்கா மகன் அனுப்பிய படத்தில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் டிரம் நின்றிருந்தது. அதன் முன்பக்கத்தில், அடிமுனை தரையைத் தொடும்படி, 30 செ.மீ. எஃகு ஸ்கேல் ஒன்றை டேப் போட்டு ஒட்டியிருந்தான். டிரம்மின் சுவர் அரைகுறையாக ஒளி ஊடுருவும் வகை. அதனால் உள்ளே தண்ணீர் எதுவரை இருக்கிறதோ அதுவரை சற்று இருண்டும், அதற்கு மேல் வெளிறியும் தெரிந்தது. படத்தோடு ஒரு கேள்வி: "மாமா, இதில் எத்தனை லிட்டர் இருக்கிறது? செடிகளுக்குத் திரவ உரம் லிட்டருக்கு 2 மில்லி கலக்க வேண்டும். நான் அங்கிருந்து வந்துவிட்டேன், இனிக் காலையில்தான் போவேன்."

இதில் என்ன இருக்கிறது, விட்டமும் உயரமும் தெரிந்தால் ஐந்து நிமிட வேலை என்று நினைத்தேன். ஐந்து நிமிடத்தில் ஒரு விடை கிடைக்கவும் செய்தது. அது தப்பான விடை.

முதலில் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். படத்தைக் கணினியில் திறந்து, சுட்டியை நகர்த்தினால் பிக்சல் எண் காட்டும் சாதாரணப் பட மென்பொருளில் அளந்தேன். ஸ்கேலின் 0 கோட்டிலிருந்து 30 கோடு வரை 744 பிக்சல். அப்படியானால் ஒரு செ.மீ.க்கு 24.8 பிக்சல். டிரம்மின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை 1182 பிக்சல். வளையம் போலப் புடைத்திருக்கும் பட்டைகளை விட்டுவிட்டு, வெறும் சுவர் தெரியும் இடத்தில்தான் இதை எடுத்தேன். 1182-ஐ 24.8-ஆல் வகுத்தால் 47.7 செ.மீ. விட்டம். தரையிலிருந்து தண்ணீர்க் கோடு வரை 1360 பிக்சல், அதாவது 54.8 செ.மீ. ஆரத்தின் வர்க்கத்தைப் பையால் பெருக்கி, உயரத்தால் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் 98 லிட்டர் வந்தது.

அனுப்பப் போகும் நேரத்தில் கண்ணில் பட்டது டிரம்மின் தோள்பகுதியில் அச்சாகியிருந்த "200 L". இந்த விட்டத்தை வைத்து முழு டிரம்முக்கும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உயரத்தைத் தாராளமாக 90 செ.மீ. என்று வைத்தாலும் 161 லிட்டருக்கு மேல் போகவில்லை. 200 லிட்டர் டிரம்மில் சொன்ன அளவைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் இடம் இருக்கும், மேலே காற்றுக்கு இடம் விட வேண்டுமே. குறைவாக இருக்க வழியே இல்லை. ஆக, என் 47.7 பொய்.

பிக்சல்களை மறுபடி எண்ணினேன், அவை சரியாகவே இருந்தன. பிழை எண்ணுவதில் இல்லை, எதை எதோடு ஒப்பிட்டேன் என்பதில் இருந்தது. ஸ்கேல் டிரம்மின் முன்சுவரில், கேமராவுக்கு மிக அருகில் ஒட்டியிருக்கிறது. படத்தில் ஓரமாகத் தெரியும் இடங்களோ அங்கே இல்லை. உருளை வளைந்து பின்னால் போய், பார்வைக் கோடு சுவரை உரசிச் செல்லும் இடம்தான் நமக்கு ஓரமாகத் தெரிகிறது. அந்த இடம் ஏறக்குறைய டிரம்மின் நடு அச்சு இருக்கும் தூரத்தில், முன்சுவரிலிருந்து கிட்டத்தட்ட ஒரு ஆரம் அளவு பின்னால் இருக்கிறது. கிட்டே இருப்பது பெரிதாகத் தெரியும், எட்டே இருப்பது சிறிதாகத் தெரியும். கிட்டே இருக்கும் ஸ்கேலால் எட்டே இருக்கும் அகலத்தை அளந்தால், அகலம் சுருங்கித்தான் வரும்.

எவ்வளவு சுருங்கும் என்பதை ஒரு வட்டமும் அதற்கு ஒரு தொடுகோடும் வரைந்தால் கண்டுபிடித்துவிடலாம். உண்மை ஆரம் R, கேமராவிலிருந்து அச்சு வரை தூரம் D என்றால், முன்சுவர் ஸ்கேல் காட்டும் ஆரம் R × √((D−R)/(D+R)). லிட்டர் கணக்கில் ஆரம் வர்க்கமாக வருவதால் அந்த வர்க்கமூலமும் போய்விடுகிறது. கிடைக்கும் லிட்டர் உண்மையைப் போல (D−R)/(D+R) பங்குதான். ஆரம் 29, தூரம் 150 என்று வைத்துப் பாருங்கள்: 121/179, அதாவது 0.68. மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் கணக்கிலேயே காணாமல் போகிறது.

பின்னால் தள்ளி நின்று எடுத்தால் சரியாகிவிடாதா என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஐந்து மீட்டர் தள்ளி நின்றால்கூட 471/529, அதாவது 0.89. இன்னும் 11 சதவீதம் குறைகிறது. தூரம் இந்தப் பிழையை மெதுவாகத்தான் குறைக்கும்.

ஆனால் கையில் இருப்பது இந்த ஒரே படம். இதை வைத்தே உண்மை ஆரத்தை மீட்க முடியும், கேமராவிலிருந்து முன்சுவர் வரை எவ்வளவு தூரம் என்று மட்டும் தெரிந்தால் போதும். அவனிடம் கேட்டேன். "ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் இருக்கும் மாமா" என்றான். அந்த "இருக்கும்" எனக்குப் போதாது. ஒரு மீட்டர் என்று வைத்தால் ஒரு விடை, ஒன்றரை மீட்டர் என்று வைத்தால் வேறு விடை. இரண்டுக்கும் நடுவே இருபது லிட்டருக்கு மேல் வித்தியாசம்.

தூரம் படத்திலேயே ஒளிந்திருக்கிறது. கைபேசி எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் லென்சின் குவியத் தூரம் பதிவாகியிருக்கும். படத்தின் விவரப் பக்கத்தில் பார்த்தால் `FocalLengthIn35mmFilm` என்ற பெயரில் ஓர் எண் இருக்கும். செய்திச் செயலி வழியாகப் படமாக அனுப்பினால் செயலி அதைச் சுருக்கி, இந்த விவரங்களையும் உதிர்த்துவிடுவது வழக்கம். அவன் அனுப்பியதிலும் ஒன்றுமே இல்லை. "படமாக அனுப்பாதே, கோப்பாக இணைத்து அனுப்பு" என்றேன். வந்த மூலப் படம் 3000-க்கு 4000 பிக்சல், குவியத் தூரம் 26. மேலே நான் சொன்ன பிக்சல் எண்கள் எல்லாம் இந்த மூலப் படத்தின் அளவில்தான். சுருங்கிய படத்தில் எண்கள் சிறிதாக இருந்தன, விகிதம் அதேதான்.

அந்த 26 என்பது பழைய 35 மி.மீ. படச்சுருளின் கட்டத்தோடு ஒப்பிட்ட மில்லிமீட்டர். அந்தக் கட்டத்தின் மூலைவிட்டம் 43.3 மி.மீ. நம் படத்தின் மூலைவிட்டம் 5000 பிக்சல். ஆகவே பிக்சலில் குவியத் தூரம் 26 ÷ 43.3 × 5000, ஏறக்குறைய 3000. இனி எல்லாம் ஒரே விகிதம்தான்: 30 செ.மீ. ஸ்கேல் 744 பிக்சலாகத் தெரிகிறது என்றால், அது 3000 × 30 ÷ 744 = 121 செ.மீ. தூரத்தில் இருக்கிறது. படத்தின் ஓரங்களை யாரும் வெட்டாமல் இருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். வெட்டிய படத்தில் மூலைவிட்டமே மாறிவிடும்.

தூரம் கிடைத்ததும் ஆரத்தை எடுக்க மூன்று வரி:

```
w = 47.7 / 2      # ஸ்கேல் காட்டிய ஆரம்
L = 121           # கேமரா முதல் முன்சுவர் வரை
R = (w / L) * (w + (w**2 + L**2) ** 0.5)
```

விடை 29.0. விட்டம் 58 செ.மீ. இப்போதுதான் இது 200 லிட்டர் டிரம் போலத் தெரிகிறது. தூரத்தில் பத்து செ.மீ. தவறினால் என்ன ஆகும் என்றும் பார்த்தேன். L-ஐ 111 ஆக்கினால் ஆரம் 29.5, லிட்டரில் மூன்றரை சதவீதம் கூடுகிறது. அவ்வளவு பிழையைத் தாங்கிக்கொள்ளலாம். அந்த 26 என்பதே முழு எண்ணாக்கப்பட்ட ஒன்று, அதிலும் கொஞ்சம் முன்பின் இருக்கும்.

அடுத்தது உயரம். அங்கேயும் ஒரு பிசகு இருந்தது. 54.8 என்று நான் எடுத்த கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, அதற்குக் கீழே இன்னொரு கோடும் மங்கலாகத் தெரிந்தது. இரண்டுக்கும் நடுவே லேசான சாம்பல் பட்டை. கேமரா தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருந்திருக்கிறது. அதனால் தண்ணீரின் மேற்பரப்பு ஒரு தட்டையான நீள்வட்டமாகத் தெரிகிறது. மேலே இருக்கும் கோடு தண்ணீர் பின்சுவரைத் தொடும் இடம், கீழே இருப்பது முன்சுவரைத் தொடும் இடம். பின்சுவரின் பக்கம் வெளிச்சம் இருந்ததால் அந்தக் கோடு அழுத்தமாகத் தெரிந்து என்னை இழுத்துவிட்டது. ஸ்கேல் ஒட்டியிருப்பது முன்சுவரில், ஆகவே அதோடு ஒப்பிட வேண்டியது கீழ்க்கோட்டைத்தான். தரையிலிருந்து அதுவரை 1239 பிக்சல், 50.0 செ.மீ. இரண்டு கோட்டுக்கும் இடையில் 4.8 செ.மீ. இந்த டிரம்மில் அது பன்னிரண்டு லிட்டர். வேடிக்கை என்னவென்றால், இந்தப் பிழை விடையைக் கூட்டியது, முந்தையது குறைத்தது. இரண்டும் ஒன்றையொன்று கொஞ்சம் மறைத்துக்கொண்டதால்தான் முதல் விடையான 98 கேட்பதற்கு அவ்வளவு நியாயமாக இருந்தது. கோட்டை மட்டும் திருத்தி விட்டத்தை அப்படியே விட்டிருந்தால் 89 லிட்டர் என்று இன்னும் மோசமாகப் போயிருக்கும்.

ஸ்கேல் 30-லேயே முடிந்துவிட்டதே, 50-ஐ எப்படி அளந்தாய் என்று கேட்கலாம். கைபேசியை முன்னே பின்னே சாய்க்காமல் நேராகப் பிடித்து எடுத்த படத்தில், முன்சுவர் முழுக்க ஒரு செ.மீ.க்கு ஒரே பிக்சல்தான். அதனால் ஸ்கேல் முடிந்த பிறகும் அதே அளவை நீட்டிப் போகலாம். நேராகப் பிடித்தானா என்பதை ஸ்கேலே சொல்லிவிடும். 0-விலிருந்து 15 வரை 372 பிக்சல், 15-லிருந்து 30 வரை 372. இரண்டும் சமம். கீழ்நோக்கிச் சாய்த்து எடுத்திருந்தால் மேல்பாதி நீண்டும் கீழ்ப்பாதி சுருங்கியும் இருந்திருக்கும். டிரம்மின் இரண்டு ஓரங்களும் கீழே போகப் போக நெருங்கியிருக்கும். அப்படி ஒரு படம் வந்தால் நீட்டிக் கணக்கிடுவதைவிட, வேறு படம் கேட்பதே மேல். எஃகு ஸ்கேலில் 0 முனையிலேயே தொடங்குவதும் நல்லதாகப் போயிற்று. பள்ளிக்கூடப் பிளாஸ்டிக் ஸ்கேலில் 0-வுக்கு முன்னால் அரை செ.மீ. வரை சும்மா கிடக்கும். அதை மறந்தால் ஒரு லிட்டருக்கு மேல் போய்விடும்.

இனி வெளி அளவிலிருந்து உள் அளவுக்கு வர வேண்டும். இதைப் படத்தில் பார்க்க முடியாது, ஊகம்தான். சுவர்த் தடிமனை 4 மி.மீ. என்று வைத்தேன். உள் ஆரம் 28.6 செ.மீ. ஆகிறது. அதன்படி ஒரு செ.மீ. உயரத்துக்கு 2.57 லிட்டர். இந்த ஒரு எண் போதும், மற்றதெல்லாம் பெருக்கல்தான். இப்படிப்பட்ட டிரம்களின் அடிப்பக்கம் தரையோடு ஒட்டியிருக்காது. ஓரத்தில் ஒரு விளிம்பு தாங்கி நிற்க, உள்ளே தளம் சற்று உயர்ந்திருக்கும். அதற்கு 2 செ.மீ. கழித்தேன். எஞ்சிய 48 செ.மீ.க்கு 123.4 லிட்டர். அடிமூலை செங்கோணமாக இல்லாமல் வளைந்திருக்கும். அந்த வளைவின் ஆரம் ஐந்து செ.மீ. என்று வைத்தால் ஏறக்குறைய 0.9 லிட்டர் குறையும். ஆக 122 லிட்டர், சில்லறை.

"122. ஐந்து லிட்டர் கூடலாம், குறையலாம். உரம் 245 மில்லி ஊற்று" என்று எழுதினேன். முதல் கணக்கை நம்பி அனுப்பியிருந்தால் 196 மில்லி ஊற்றியிருப்பான்.

மறுநாள் காலையில் அவன் போனதும் மூன்று வேலைகள் சொன்னேன். முதலாவது, ஒரு நூலை டிரம்மைச் சுற்றி இறுக்கிப் பிடித்து அளப்பது. 182 செ.மீ. வந்தது. பையால் வகுத்தால் 57.9. படத்திலிருந்து எடுத்த 58-க்கு இவ்வளவு பக்கத்தில் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இரண்டாவது, உலர்ந்த குச்சி ஒன்றை வாய் வழியாகச் செங்குத்தாக விட்டு, நனைந்த நீளத்தை அளப்பது. 48.6 செ.மீ. வெளியே தரையிலிருந்து கோடு 50.0. எனவே உள்தளம் 1.4 செ.மீ. தான் உயர்ந்திருக்கிறது. நான் கழித்த 2 செ.மீ. கொஞ்சம் அதிகம்.

மூன்றாவது, எண்ணிப் பார்ப்பது. உரத்தைக் கலக்கிய பின் கேன் கேனாகத்தான் எடுத்துச் செல்லப் போகிறான், அதையே அளவாக்கிவிட்டோம். 20 லிட்டர் கேனில் அச்சிட்ட கோட்டை நம்பாமல், வெறும் கேனையும் கோடு வரை நிரப்பிய கேனையும் எடை போட்டான். வித்தியாசம் 20 கிலோ. கோடு நம்பக்கூடியதே. ஆறு கேன் முழுதாக வந்தது. அதன் பிறகு ஒரு லிட்டர் குவளையால் மூன்றரை. அடியில் குவளைக்குச் சிக்காமல் அரை லிட்டர் போல நின்றது. மொத்தம் 124. உள்ளே ஊற்றிய உரம் கால் லிட்டர்கூட இல்லாததால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. குச்சி காட்டிய 48.6-ஐ 2.57-ஆல் பெருக்கி 0.9 கழித்தாலும் அதே 124 தான். என் விடையிலிருந்த இரண்டு லிட்டர் குறை, அடித்தளத்தைக் கூடுதலாக ஊகித்ததால் வந்தது. படம் ஏமாற்றவில்லை.

டிரம் காலியாவதற்கு முன் அவனை இன்னொரு படமும் எடுக்கச் சொல்லியிருந்தேன், ஓர் ஆசைக்காக. இந்த முறை ஸ்கேலை முன்சுவரில் ஒட்டாமல், டிரம்மின் பக்கவாட்டில், சுவரைத் தொட்டபடி தரையில் நிறுத்தி வைத்தான். அதாவது ஸ்கேல் இப்போது நடு அச்சு இருக்கும் அதே தூரத்தில் நிற்கிறது. அவன் மூன்று மீட்டர் பின்னால் போய், கைபேசியை ஒரு முக்காலியின் மேல் தண்ணீர்க் கோட்டின் உயரத்துக்குக் கொண்டுவந்து எடுத்தான். ஸ்கேல் 300 பிக்சல், டிரம் 583 பிக்சல். எந்தத் திருத்தமும் செய்யாமல் நேராக வகுத்தாலே 58.3 செ.மீ. லென்ஸ் தண்ணீர் மட்டத்திலேயே இருந்ததால் நீள்வட்டமும் இல்லை. முன்கோடும் பின்கோடும் ஒன்றின் மேல் ஒன்று படிந்து ஒரே மெல்லிய கோடாகிவிட்டன.

இதில் ஒரே ஒரு எச்சரிக்கை. பக்கவாட்டு ஸ்கேலை வைத்து உயரம் எடுக்கும்போது, டிரம்மின் நடுவில் தெரியும் அடிவிளிம்பிலிருந்து தொடங்கக் கூடாது. அது ஸ்கேலைவிட 29 செ.மீ. கேமராவுக்கு அருகில் இருப்பதால் உயரம் பத்து சதவீதம் நீண்டு வரும். ஸ்கேல் நிற்கும் ஓரத்திலேயே அடியையும் கோட்டையும் எடுக்க வேண்டும். நான் இரண்டு வழியிலும் எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் 50.5 செ.மீ., நடுவில் 55.4.

அக்கா மகனுக்கு இதிலெல்லாம் அக்கறை இல்லை. "ஒவ்வொரு தடவையும் படம் எடுத்து உங்களுக்கு அனுப்ப வேண்டுமா மாமா?" என்று கேட்டான். வேண்டாம் என்று மூன்று எண்களை அனுப்பினேன். தரையிலிருந்து 21.2 செ.மீ.யில் 50 லிட்டர், 40.7-இல் 100, 60.1-இல் 150. இடையில் பத்து லிட்டருக்கு ஒரு கோடாக 3.9 செ.மீ. இடைவெளி. அழியாத மை பேனாவால் டிரம்மின் மேலேயே கோடு போட்டு முடித்துவிட்டு ஒரு படம் அனுப்பினான். 100 என்று எழுதிய கோடு சற்றுச் சாய்ந்திருந்தது.